குன்றக்குடி பக்கம் சரிவு மனை: கான்டூர் பிளானைப் பார்த்து வீட்டை எங்கே வைப்பது?

சிங்கை_சொக்கு

வணக்கம். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு மனை வாங்கியிருக்கிறோம். ரோடு வடக்கில். அகலம் 18 மீட்டர், ஆழம் 30 மீட்டர், பதிமூன்று சென்ட்டுக்குச் சற்று மேல். நேரில் பார்த்தபோது பின்பக்கம் கொஞ்சம் பள்ளம் என்றுதான் தோன்றியது. சர்வே எடுத்து கான்டூர் பிளான் கையில் வந்த பிறகுதான் பயமாக இருக்கிறது.

அரை மீட்டருக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். ஈ.பி. கம்பத்தின் காங்கிரீட் அடிமேடையை 100.00 என்று வைத்து எடுத்த லெவல். கேட் வரும் இடத்தில் ரோடு 100.05. மேற்கு எல்லையில் ரோட்டிலிருந்து 3 மீட்டரில் 100 கோடு, 12-ல் 99.5, 21-ல் 99, 26-ல் 98.5. கிழக்கு எல்லையில் 2 மீட்டரிலேயே 99.5 வந்துவிடுகிறது, 9-ல் 99, 17-ல் 98.5, 25-ல் 98. ஆக, வடமேற்கு மூலை 100.2, தென்கிழக்கு மூலை 97.7.

இன்ஜினியர் வீட்டைத் தென்மேற்கில் ஒட்டிப் போட்டிருக்கிறார். 9 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம், நீளம் வடக்கு தெற்காக. ரோட்டிலிருந்து 12 மீட்டர் விட்டு ஆரம்பிக்கிறது. தரைமட்டம் 100.60 என்கிறார்.

என் சந்தேகம் வேறு. கிழக்கு எல்லையிலிருந்து 3 மீட்டர் உள்ளே, மூன்று கோடுகள் ரோட்டைப் பார்த்து மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கின்றன. அது மேடு என்றால் வீட்டை அந்தப் பக்கம் தள்ளி, மண் அடிக்கும் செலவைக் குறைக்கலாமே? அம்மாவுக்காகக் கட்டும் வீடு. நான் வருடத்துக்கு ஒரு தடவைதான் வர முடியும். பார்த்துச் சொல்லுங்கள்.

பட்டாபார்_ராசு

தம்பி, எல்லைக்குள் கோடு வளைந்து போகிறது என்றால் அது உட்பிரிவுக் கோடு. பக்கத்து மனைக்காரன் பங்கு உள்ளே வந்திருக்கிறது. முதலில் தாலுகா ஆபீசில் மனு போட்டுக் கல் நடச் சொல்லுங்கள். வீடு எங்கே வைப்பது என்பதெல்லாம் அதற்கப்புறம்.

பள்ளத்தூர்_முருகு

ராசு அண்ணே, இது எல்லைக் கோடு இல்லை. ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களைச் சேர்த்து இழுக்கிற கோடு. இருபது வருடமாக இந்தப் பக்கம் வீடு கட்டித் தருகிறேன், இந்தப் பிளான் நிறையப் பார்த்தாச்சு.

சொக்கு தம்பி, கோடு நெருக்கமாக இருந்தால் சரிவு கடுமை, விலகி இருந்தால் சமம். இது முதல் பாடம். உங்கள் மனையில் மேற்கே 21-க்கும் 26-க்கும் நடுவில்தான் நெருக்கம். அதன் மேல் வீட்டை வைத்திருக்கிறார், அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். மூக்கைப் பற்றிக் கேட்டீர்கள். மூக்கு எந்தப் பக்கம் நீட்டுகிறதோ அந்தப் பக்கம் மண் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆக அது சின்ன மேடுதான். தாராளமாக அங்கே தள்ளுங்கள். செம்பூரான் கல் தட்டு இருந்தால் அஸ்திவாரத்துக்கும் நல்லது.

லெவல்மணி

முருகு சொன்னதில் நெருக்கம், விலகல் சரி. மூக்கு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அதை நம்பி வீட்டைத் தள்ளினால் தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

மூக்கை மட்டும் பார்க்காதீர்கள், நம்பரோடு சேர்த்துப் பாருங்கள். சொக்கு, ரோட்டிலிருந்து 15 மீட்டர் தூரத்தில் மனைக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். மேற்கிலிருந்து கிழக்காக அதன் மேல் நடப்பதாக நினையுங்கள். மூக்குக்கு முன்னால் நிற்கும்போது நீங்கள் 98.5 கோட்டுக்கு மேட்டுப் பக்கம், அதாவது 98.7, 98.8 இருக்கலாம். மூக்குக்குள் காலை வைத்ததும் 98.5 கோட்டைத் தாண்டி 98 கோட்டின் பக்கம் வந்துவிடுகிறீர்கள். மூக்கைத் தாண்டியதும் மறுபடி 98.5-க்கு மேலே ஏறுகிறீர்கள். இறங்கி ஏறினால் அது பள்ளமா, மேடா?

கோட்டின் முனை மேட்டைப் பார்த்து நீண்டால் அங்கே தண்ணீர் ஓடிய தடம் இருக்கும். பள்ளத்தைப் பார்த்து நீண்டால்தான் மேட்டு முதுகு. உங்கள் மனையில் ரோடுதான் மேடு, முனை ரோட்டைப் பார்க்கிறது. மூன்று கோடுகளிலும் ஒரே நேரில் வருகிறது என்கிறீர்கள். ஒரு கோட்டில் மட்டும் இருந்தால் யாரோ மண் அள்ளிய குழி என்று விட்டுவிடலாம். வரிசையாக மூன்றில் வந்தால் வரத்துக்கால் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு கேள்வி. வடகிழக்கு மூலைப் பக்கம் ரோட்டுக்கு அடியில் குழாயோ சிறுபாலமோ இருக்கிறதா? மனைக்குத் தெற்கே கண்மாயோ ஊருணியோ உண்டா?

பள்ளத்தூர்_முருகு

மணி சார், நான் பார்த்த சைட்டுகளில் அப்படி நீட்டின இடத்தில் பாறைதான் வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் போடும் கோடு எல்லாம் ஒன்று போல இருக்காது.

சிங்கை_சொக்கு

மணி ஐயா, தெற்கே இரண்டு மனை தள்ளி வயல், அதைத் தாண்டி ஒரு கண்மாய் இருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். சிறுபாலம் இருப்பதாக எனக்கு நினைவில்லை. மச்சானைப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன்.

தேவகோட்டை_ஆச்சி

தம்பி, இது எங்கள் வீட்டுக் கதை மாதிரியே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். எங்களுக்குக் கோடு கீடெல்லாம் யாரும் போட்டுத் தரவில்லை. மனை விற்ற ஆள் ஏற்கெனவே மண் அடித்துச் சமமாக்கி வைத்திருந்தார், பார்க்கத் தளதளவென்று இருந்தது. வீடு கட்டி, சுற்றுச்சுவரும் ஏழு அடிக்கு எழுப்பினோம். அந்த வருடம் ஐப்பசி மழையில் பின்பக்கச் சுவர் இருபது அடிக்கு அப்படியே வெளியே சாய்ந்து விழுந்தது. எதிர்ச் சாரியிலிருந்து வருகிற தண்ணீரெல்லாம் எங்கள் மனை வழியாகத்தான் ஊருணிக்குப் போகுமாம். அக்கம்பக்கத்துப் பெரியவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. எங்களிடம்தான் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்போது சுவரில் இரண்டு இடத்தில் வழி விட்டிருக்கிறோம். அதிலே பாம்பு வருகிறது என்று மருமகள் தினமும் சண்டை.

இதற்கு ஒரு வழி இருந்தால் யாராவது சொல்லுங்கள். கம்பி வலை போடலாமா?

லெவல்மணி

ஆச்சி, வலை போட்டால் முதல் மழையிலேயே சருகும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொள்ளும், அப்புறம் பழையபடி சுவர்தான் தண்ணீரைத் தாங்கும். வலைக்குப் பதிலாக மேலே கீல் வைத்து வெளிப்பக்கம் திறக்கும் தகர மடல் போடலாம், தண்ணீர் தள்ளினால் திறக்கும். அதுவும் பாம்பை முழுசாகத் தடுக்காது.

சிங்கை_சொக்கு

மச்சான் போய்ப் பார்த்துவிட்டுப் படம் அனுப்பியிருக்கிறான். மனையின் வடகிழக்கு மூலைக்கு எதிரே ரோட்டுக்கு அடியில் இரண்டடி ஹியூம் பைப் இருக்கிறதாம். சீமைக்கருவேல் மண்டியிருந்ததால் நாங்கள் கவனிக்கவில்லை. குழாயில் பாதிக்கு மண்.

லெவல்மணி

அப்படியானால் ஏறக்குறைய முடிந்தது. இருந்தாலும் பிளானை மட்டும் நம்ப வேண்டாம். சர்வேயர் பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்துவிட்டு, நடுவில் உள்ளதை மென்பொருளிடம் விட்டிருந்தால் மூன்று மீட்டர் அகலத் தடம் எங்கேயும் நகர்ந்து காட்டும், காட்டாமலும் போகலாம். கோடுகள் மட்டும் உள்ள படத்தோடு, அவர் உண்மையில் அளவுகோலை நிறுத்திப் பார்த்த ஸ்பாட் லெவல்களும் உள்ள பிரதியைக் கேளுங்கள். மூக்கின் பக்கத்தில் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அடுத்தது, மச்சானும் ஒரு கொத்தனாரும் ஒரு மட்டக்குழாயோடு போகட்டும். ரோட்டு ஓரத்திலிருந்து 15 மீட்டர் டேப் பிடித்து, மேற்கு எல்லையிலிருந்து 12, 15, 18 மீட்டரில் மூன்று முளை அடிக்கச் சொல்லுங்கள், மூன்றாவது எல்லையிலேயே வரும். குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிறைத்து, இரண்டு முனையையும் ஒன்றாகப் பிடித்து மட்டம் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு ஆரம்பிக்க வேண்டும். பலர் இதைத்தான் விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு முளையிலும் தரையிலிருந்து தண்ணீர் மட்டம் எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதினால் போதும். உயரம் அதிகம் காட்டும் இடம் பள்ளம்.

சிங்கை_சொக்கு

பார்த்தாயிற்று. 12-ல் 62 செ.மீ., 15-ல் 1 மீட்டர், 18-ல் 78 செ.மீ.

மச்சான் இன்னொன்றும் சொன்னான். 15-ல் அடித்த முளை கைக்கே இறங்கியதாம், பொடி மணல். மற்ற இரண்டும் சரளை, சுத்தியல் துள்ளியது. அந்தத் தடத்தில் நிற்கும் கருவேல முள்ளில் முழங்கால் உயரத்துக்குப் பாலிதீன் பை, வைக்கோல் எல்லாம் ஒரே மட்டத்தில் சிக்கித் தொங்குகிறது. படம் பார்த்தேன்.

லெவல்மணி

நடு முளை ஒரு பக்கத்தைவிட 38 செ.மீ., மறுபக்கத்தைவிட 22 செ.மீ. பள்ளம். உங்கள் பிளானில் அதே இடங்களைப் படித்தால் 98.8, 98.4, 98.6 வரும். அதாவது 40, 20. இரண்டு செ.மீ. வித்தியாசம் மட்டக்குழாய்க்கு ஒன்றும் இல்லை. சர்வேயர் ஒழுங்காகத்தான் எடுத்திருக்கிறார்.

முள்ளில் தொங்கும் குப்பை இருக்கிறதே, அதன் உயரத்தையும் அளந்து பிளானில் குறித்து வையுங்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் போனது என்பதற்கு அதைவிட நேரடிச் சாட்சி கிடைக்காது. ஆனால் அது அண்மையில் பெய்த மழையின் அளவுதான், பெருமழையின் அளவு இல்லை.

மேற்கு எல்லையிலிருந்து 13 முதல் 17 மீட்டர் வரை வடக்கு தெற்காக ஒரு பட்டை. அதில் வீடு, செப்டிக் டேங்க், சம்ப், கார் ஷெட் எதுவும் கூடாது. மண்ணும் அடிக்கக் கூடாது.

பள்ளத்தூர்_முருகு

சரி, வரத்துக்கால் என்றே வைத்துக்கொள்வோம். குழாய்தான் பாதி அடைத்திருக்கிறதே. மேலே மனை மனையாகப் பிரித்துவிட்டார்கள், இனிமேல் என்ன தண்ணீர் வரும்? நாலு மீட்டர் அகலத்தை யார் சும்மா விடுவார்கள்? ஓரமாக ஒரு குழாய் போட்டு மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

கானாடுகாத்தான்_மீனா

முருகு அண்ணே, மேலே மனை போட்டால் தண்ணீர் கூடத்தான் வரும், குறையாது. முன்பு மண் குடித்த தண்ணீரெல்லாம் கூரையிலிருந்தும் சிமென்ட் தரையிலிருந்தும் நேரே ஓடி வரும். பாதி அடைத்த குழாயை ஊராட்சியில் ஒரு நாள் தூர் வாரினார்கள் என்றால் முழுத் தண்ணீரும் இங்கேதான்.

நான் கட்டடக்கலை படித்துவிட்டு இங்கே சின்னதாக வேலை செய்கிறேன். சொக்கு அண்ணன் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா? வரத்துக்கால் ஒரு பக்கம் இருக்கட்டும், இன்ஜினியர் போட்ட இடமே எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த வீட்டின் நான்கு மூலைகளையும் கான்டூர் மேல் வைத்துப் படித்துப் பார்த்தீர்களா?

சிங்கை_சொக்கு

மூலை கோட்டின் மேலேயே விழுந்தால் படிக்கலாம். நடுவில் விழுந்தால் எப்படி?

கானாடுகாத்தான்_மீனா

விகிதம்தான். ஒரு மூலை 99.5 கோட்டைத் தாண்டி 5 மீட்டரில் இருக்கிறது, அந்த இடத்தில் 99.5-க்கும் 99-க்கும் இடைவெளி 9 மீட்டர் என்று வையுங்கள். அரை மீட்டரை ஒன்பதாகப் பங்கிட்டு ஐந்து பங்கு எடுத்தால் 28 செ.மீ. ஆக அந்த மூலை 99.22. ஸ்கேலைக் கோட்டுக்குக் கோடு மிகக் குறுகிய தூரத்தில் வைத்து அளக்க வேண்டும், சாய்வாக வைத்தால் தப்பாக வரும்.

இன்ஜினியர் போட்ட வீட்டுக்கு நான் படித்தவை: முன்பக்க மூலைகள் 99.45, 99.1. பின்பக்க மூலைகள் 98.4, 98.1. வீட்டுக்கு அடியிலேயே 1.35 மீட்டர் இறக்கம். தரைமட்டம் 100.60 என்றால் தென்கிழக்கு மூலையில் பேஸ்மட்டம் இரண்டரை மீட்டர், எட்டடி. நான்கு மூலையின் சராசரி 98.76. தளக் காங்கிரீட், டைல்ஸ் எல்லாம் 15 செ.மீ. போனால் மண் 100.45 வரை நிரப்ப வேண்டும். 135 சதுர மீட்டருக்கு 1.7 மீட்டர். கிட்டத்தட்ட 230 கன மீட்டர், நம் கணக்கில் 80 யூனிட். இது இறுகிய கணக்கு. லாரியில் தளர்வாக வருவதால் கால் பங்கு கூடும்.

இப்போது அதே அளவு வீட்டை முன்னால் கொண்டு வாருங்கள். கிழக்கு மேற்கில் 11 மீட்டர், வடக்கு தெற்கில் 12 மீட்டர். மேற்கு எல்லையில் ஒன்றரை மீட்டர், ரோட்டுப் பக்கம் 4 மீட்டர் விடுகிறேன். மூலைகள் 99.9, 99.55, 99.2, 98.8. சராசரி 99.36. அதே 100.60 தரைமட்டத்துக்கு 50 யூனிட்தான். கிழக்குச் சுவர் 12.5 மீட்டரில் முடிகிறது, மணி ஐயா சொன்ன பட்டைக்கு அரை மீட்டர் இந்தப் பக்கம்.

பட்டாபார்_ராசு

முன்னால் 4 மீட்டர் போதுமா என்று அனுமதி கொடுக்கிற இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ரோட்டு அகலத்தைப் பொறுத்து மாறும்.

லெவல்மணி

மீனா கணக்கு சரி. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். எட்டடியோ ஆறடியோ, செலவு வெறும் மண்ணோடு நிற்காது. இரண்டரை மீட்டர் மண்ணை உள்ளே அடைத்து வைத்தால் பேஸ்மட்டச் சுவர் அதைப் பக்கவாட்டில் தாங்க வேண்டும். வழக்கமாகக் கட்டும் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் அதற்குப் போதாது. மழையில் மண் ஊறினால் தள்ளும் விசை இன்னும் கூடும். ஒரு மீட்டருக்கு மேல் நிரப்பு வந்தாலே அதைத் தாங்கு சுவராக வடிவமைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பிளானில் அந்தக் குறுக்குவெட்டு இருக்கிறதா, சொக்கு?

சிங்கை_சொக்கு

குறுக்குவெட்டு ஒன்றுதான் இருக்கிறது. அதில் தரையை நேர்கோடாகப் போட்டிருக்கிறார், ஐயா. சரிவே இல்லை.

லெவல்மணி

அப்படியானால் அவர் கான்டூரைப் பார்க்காமல் வழக்கமான படத்தை ஒட்டியிருக்கிறார். முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள். வீட்டின் நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று, இரண்டு குறுக்குவெட்டு. இரண்டிலும் இப்போதுள்ள தரையைப் புள்ளிக்கோடாக, கான்டூரிலிருந்து எடுத்த லெவலோடு காட்ட வேண்டும். அது இல்லாமல் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் ஆழம் யாருக்கும் தெரியாது. முன்பக்கம் நாலடி தோண்டினோம், பின்பக்கமும் நாலடி என்று தோண்டக் கூடாது, நிரப்பின மண்ணின் மேலும் அஸ்திவாரம் உட்காரக் கூடாது. சரிவைத் தொடர்ந்து படிப்படியாக இறக்கிக்கொண்டே போய், எங்கேயும் இயற்கையான கெட்டி மண்ணில் உட்கார வேண்டும்.

பள்ளத்தூர்_முருகு

அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். நிரப்பு மண்ணில் தளம் போட்டு, ஆறே மாதத்தில் டைல்ஸ் உள்ளே இறங்கின வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அரையடிக்கு ஒரு தட்டு கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கிய பிறகுதான் அடுத்த தட்டு. லாரி லாரியாகக் கொட்டி மேலே ஜேசிபி ஓட்டினால் மேல் ஓரடிதான் இறுகும்.

ஆனால் மீனாவிடம் ஒரு கேள்வி. பழைய இடத்திலேயே வைத்தால் பின்னால் எட்டடி கிடைக்கிறதே, மண்ணை ஏன் அடிக்க வேண்டும்? தூண் எழுப்பித் தளம் போட்டுவிட்டுக் கீழே ஒரு ரூம், ஒரு கார் ஷெட் எடுக்கலாம். நம் ஊரில் சும்மா கிடைக்கிற இடத்தை யாராவது விடுவார்களா?

கானாடுகாத்தான்_மீனா

நல்ல யோசனைதான், நானும் நினைத்துப் பார்த்தேன். எட்டடி தரையிலிருந்து தரைக்கு. பீம், தளம் போனால் கீழே ஆறு, ஆறேகால் அடி மிஞ்சும். அதுவும் ஒரே மூலையில். வடக்கே போகப் போகக் குனிந்துதான் நடக்க வேண்டும். காரை ரோட்டிலிருந்து பின்னால் கொண்டு போக ஒரே வழி கிழக்குப் பக்கம், அங்கே வரத்துக்கால். மழைக்காலத்தில் காரை வெளியே எடுக்க முடியாது.

தரையை இரண்டு மீட்டர் தோண்டி இறக்கினால் உயரம் கிடைக்கும். ஆனால் கண்மாய் பக்கம், ஊற்று வரும். எனக்குத் துணிவில்லை.

பள்ளத்தூர்_முருகு

தண்ணீர்த் தொட்டி, மோட்டார், பழைய சாமான் வைக்க ஆறடி தாராளம். எனக்கு அந்த எண்ணம் விட்டுப் போகவில்லை.

ஈசான்யம்

மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். நைருதி உயர்ந்தும் ஈசானியம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். உங்கள் மனையில் தென்மேற்கு 98.2 என்றால் பள்ளம், வடமேற்கு உயரம். அதனால்தான் இன்ஜினியர் நைருதியில் வீட்டை வைத்து உயர்த்தியிருக்கிறார். முன்னால் கொண்டு வந்தால் பின்னால் காலியிடம் அதிகமாகிவிடும், அது ஆகாது.

தேவகோட்டை_ஆச்சி

அம்மா ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டுக்கொள் தம்பி. எங்கள் வீட்டில் அதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

சிங்கை_சொக்கு

அம்மாவுக்கு அதில் நம்பிக்கை உண்டு. கேட்க வேண்டும்.

மீனா, தரைமட்டம் 100.60 கட்டாயமா? கொஞ்சம் இறக்கினால் மண் இன்னும் குறையுமே?

கானாடுகாத்தான்_மீனா

இரண்டு பாதியாகப் பிரிக்கலாம். முகப்பு, ஹால், அம்மா அறை முன் பாதியில் 100.60. சமையல், சாப்பாடு, பின் அறை 45 செ.மீ. இறங்கி 100.15. அரையடிப் படி மூன்று. பின் பாதி 66 சதுர மீட்டர், அதில் 45 செ.மீ. குறைந்தால் இன்னும் பத்து யூனிட் மிச்சம். அதைவிட முக்கியம், பின் மூலையில் பேஸ்மட்டம் ஆறடியிலிருந்து நாலரை அடிக்கு வந்துவிடும். சுவருக்கு அது பெரிய வித்தியாசம்.

தேவகோட்டை_ஆச்சி

வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்குள் படி வேண்டாம் அம்மா. ராத்திரி தண்ணீர் குடிக்கப் போகும்போது அந்த மூன்று படிதான் எமன். மண் பத்து யூனிட் போனால் போகட்டும்.

கானாடுகாத்தான்_மீனா

ஆச்சி, அது நியாயம். சாய்தளம் போட்டால் 45 செ.மீ. இறங்க ஐந்தரை மீட்டர் நீளம் வேண்டும், வீட்டுக்குள் அவ்வளவு இடம் இல்லை. அம்மா புழங்கும் எல்லாம் முன் பாதியில், சமையலும்கூட, என்று அறைகளை மாற்றிப் பார்க்கலாம். அப்படி வருமா என்று வரைந்துதான் சொல்ல முடியும்.

லெவல்மணி

ரோட்டைவிட உயரமாக இருக்க வேண்டும் என்பதை இங்கே எல்லோரும் விதி மாதிரிச் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போகிறது. ஆனால் மனை பின்னால் சரிந்து, தண்ணீருக்குப் போக வழியும் இருந்தால், முழு வீடும் ரோட்டுக்கு மேலே நிற்க வேண்டிய அவசியம் இல்லை. ரோட்டுத் தண்ணீர் வீட்டு முன்சுவரைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

அதற்கு வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் உள்ள 4 மீட்டரில் ஒரு ஆழமில்லாத வாய்க்கால் போதும். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, மேற்கிலிருந்து கிழக்காக, வரத்துக்காலில் போய்ச் சேரும்படி. இயற்கைத் தரையே வடமேற்கிலிருந்து வடகிழக்குக்கு அரை மீட்டருக்கு மேல் இறங்குகிறது, அதனால் வாய்க்காலுக்கு வாட்டம் தானாகவே கிடைத்துவிடும், தோண்டி இறக்க வேண்டியதில்லை. கேட்டின் அடியில் மட்டும் ஒரு குழாய். மேற்குப் பக்கச் சந்திலும் இதே மாதிரி ஒன்று. பக்கத்து மனை உங்களைவிட மேடு, அவருடைய தண்ணீரும் உங்கள் சுவருக்குத்தான் வரும்.

பின்பக்கச் சுற்றுச்சுவரில் வரத்துக்கால் வெளியேறும் இடத்தில் வழி விடுங்கள். ரோட்டுக் குழாயின் பரப்பைவிட அது சிறியதாக இருக்கவே கூடாது, இரண்டு மூன்று மடங்கு இருந்தால் நிம்மதி. முன்பக்கச் சுவரிலும் அதே அளவு. உள்ளே தடத்தின் அடியில் சிமென்ட் போட வேண்டாம், ஓரங்களில் செம்பூரான் கல் அடுக்கினால் அரிக்காது.

பட்டாபார்_ராசு

இவ்வளவு பேசுகிறீர்கள், அந்த வரத்துக்கால் சர்க்கார் இடமா என்று யாரும் கேட்கவில்லை. ஓடைப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால் சுவரே வைக்க முடியாது. புல வரைபடம், அதான் எஃப்.எம்.பி., பார்த்தீர்களா?

சிங்கை_சொக்கு

eservices.tn.gov.in-ல் எடுத்தேன் அண்ணே. எங்கள் புல எண்ணில் எல்லையும் அளவும் மட்டும்தான் இருக்கிறது, ஓடை எதுவும் காட்டவில்லை. தெற்கே வயல் இருக்கும் புல எண்ணில் இரட்டைக் கோடாக ஒன்று கண்மாய் வரை போகிறது. எங்கள் மனைக்கு வரும் முன் நின்றுவிடுகிறது.

பட்டாபார்_ராசு

அப்படியானால் அ பதிவேட்டையும் பழைய கிராம வரைபடத்தையும் வி.ஏ.ஓ.விடம் பாருங்கள். உட்பிரிவு செய்தபோது விட்டிருக்கலாம். பட்டா உங்கள் பேரில் இருப்பதால் மட்டும் தண்ணீரை மறிக்க உரிமை வந்துவிடாது. தெற்கே வயல்காரர் கேஸ் போட்டால் அலைய வேண்டியது நீங்கள்தான்.

லெவல்மணி

ராசு சொல்வது முக்கியம். எஃப்.எம்.பி.யில் லெவல் இருக்காது, கான்டூர் பிளானில் பதிவு இருக்காது. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்து ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால்தான் அந்த இரட்டைக் கோடும் உங்கள் மூக்கும் ஒரே நேரில் வருகிறதா என்று தெரியும். சர்வேயரிடம் ஒரு வேலையாகவே கொடுங்கள். கூடவே ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஐம்பது மீட்டர் வரை லெவல் எடுக்கச் சொல்லுங்கள். எவ்வளவு இடத்துத் தண்ணீர் அந்தக் குழாய்க்கு வருகிறது என்பதற்கு மனைக்குள் எடுத்த கான்டூர் பதில் சொல்லாது.

சிங்கை_சொக்கு

சரி ஐயா. சர்வேயரிடம் பேசிவிட்டேன், அடுத்த வாரம் வருகிறார். இன்ஜினியரிடம் குறுக்குவெட்டு கேட்டதற்கு, ‘கட்டும்போது பார்த்துக்கலாம் சார்’ என்கிறார். மீனா, நீங்கள் வரைந்து தர எவ்வளவு ஆகும் என்று தனியாகச் சொல்லுங்கள்.

கொத்தமங்கலம்_பாலு

படித்துக்கொண்டே வந்தேன், எனக்கும் ஒரு பிளான் இருக்கிறது. கோடு போட்டிருக்கிறது, ஆனால் கோட்டில் நம்பர் இல்லை. மனை விற்றவர் கொடுத்தது. அதில் எது மேடு, எது பள்ளம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லெவல்மணி

கண்டுபிடிக்க முடியாது. மூக்கு எந்தப் பக்கம் நீண்டாலும் இரண்டு அர்த்தமும் வரும். சர்வே எடுத்தவர் யார் என்று விற்றவரிடம் கேட்டு நம்பரோடு வாங்குங்கள். தர மாட்டேன் என்றால் மட்டக்குழாயை எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள்.

கொத்தமங்கலம்_பாலு

விற்றவர் போன் எடுப்பதில்லை சார். ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். முளை எத்தனை மீட்டருக்கு ஒன்று அடிக்கட்டும்?

பள்ளத்தூர்_முருகு

ஐந்து மீட்டருக்கு ஒன்று அடி தம்பி. கோடு வளைகிற இடத்தில் மட்டும் ஒரு மீட்டருக்கு ஒன்று.